சாமித்தட்டில் இருந்த லைசென்ஸ்

துபாயில் இருந்து லைசென்ஸின் படம் போனுக்கு வந்த அன்றைக்கே சுகிர்தன் அதை மல்லாவிச் சந்தியில் உள்ள கடையில் கலரில் அச்செடுத்தான். பிளாஸ்டிக் உறையும் போடுவித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் சாத்தி வைத்தான். அதன்பிறகு காலையில் விளக்கேற்றும் சிவரூபிக்குத் தான் கும்பிடுவது பிள்ளையாரையா, அந்த அரபு எழுத்துக்களையா என்று அடிக்கடி சந்தேகம் வந்தது.

லைசென்ஸ் குகதாசனுடைய கொம்பனிக்கு உரியது. குகதாசன் சுகிர்தனின் தாய்மாமன் மகன். பத்துப் பன்னிரண்டு வருடமாகத் துபாயில் இருக்கிறான். அங்கே ஒரு சுதந்திர வர்த்தக வலயத்தில் பதிவு செய்த உணவுப்பொருள் கொம்பனி ஒன்றை இரண்டு வருடமாக நடத்துகிறான். சுகிர்தனின் மில்லில் அரைத்த சிவப்பரிசி மாவையும் மிளகாய்த்தூளையும் இரண்டு தடவை எடுத்தான். இரண்டு தடவையும் சொன்ன நாளில் காசு வந்தது. பேச்சு மாறாத மனிதன் என்று சிவரூபியே அயலவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

பிறகு ஒருநாள் வீடியோவில் வந்து, "மச்சான், நீ இனி எனக்குச் சாமான் விக்கிற ஆள் இல்லை. பங்காளி. பாதிக்குப் பாதி" என்றான். அதே மூச்சில், "உன்ர ராசி ரிஷபம் தானே?" என்றும் கேட்டான்.

"ஓம். ரோகிணி."

"சோக்கு! சோக்கான சாதகமடா உனக்கு!"

நல்ல நாள் பார்க்கக் கேட்கிறானாக்கும் என்று சிவரூபி நினைத்துக்கொண்டாள். அவள் கவலை வேறு இடத்தில் இருந்தது. பாதிப் பங்குக்குப் போடும் முதலுக்கு அவளுடைய சீதனக் காணியை விற்க வேண்டும். தண்ணீரூற்று என்ற ஊரில் தென்னையும் கிணறுமாகக் கிடக்கும் அந்தத் துண்டு ஒன்றுதான் இந்த உலகத்தில் அவளுடைய பெயரில் இருந்தது. வாங்குவதற்குச் சுவிஸில் இருந்து ஒருவர் வந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமை முல்லைத்தீவில் விற்பனை உறுதி எழுதி முடிப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை விளக்கேற்றப் போனவள் கும்பிட்டு முடித்த கையோடு லைசென்ஸை எடுத்து வாசித்தாள். அரபுக்குக் கீழே ஆங்கிலமும் இருந்தது. கொம்பனியின் பெயர், இலக்கம், செய்யலாம் என்ற தொழில், முடியும் தேதி. கீழே மனேஜர் என்ற இடத்தில் குகதாசனின் பெயர். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இஞ்சருங்கோ. இதில முதலாளி எண்டு ஒருத்தற்ற பேரும் இல்லையே."

சுகிர்தன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். "மனேஜர் எண்டு கிடக்கெல்லே."

"மனேஜர் முதலாளியோ?"

"எங்கட மில்லுக்கு ஆர் மனேஜர்? நான். ஆர் முதலாளி? நான்."

"எங்கட மில்லின்ர பத்திரத்தில உரிமையாளர் எண்டு உங்கட பேர் தெளிவாக் கிடக்கு."

"அது பிரதேச சபை. இது துபாய். ஒட்டகத்துக்குக் கொம்பு எங்க எண்டு கேக்கிற மாதிரிக் கேக்கிறீர், ரூபி!"

ஒட்டகத்துக்குக் கொம்பு இல்லைதான். ஆனால் கொம்பனிக்கு முதலாளி இருக்க வேண்டாமா? சிவரூபி லைசென்ஸைத் திரும்பவும் சாத்தி வைத்தாள். அன்று முழுவதும் இடியப்பம் அவிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தக் கேள்வி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

உறுதி எழுதுகிற சட்டத்தரணி விமலேஸ்வரியிடம் திங்கட்கிழமை காணிப் பத்திரங்களைக் கொடுக்க முல்லைத்தீவுக்குப் போனார்கள். அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்திரங்களைப் புரட்டியபடி, "ஏன் பிள்ளை விக்கிறியள், நல்ல காணி" என்றார். சிவரூபி காரணத்தைச் சொல்லி, போனில் இருந்த லைசென்ஸையும் காட்டினாள்.

மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எங்கட நாடெண்டால் கொம்பனிப் பதிவாளரிட்ட காசைக் கட்டினா இயக்குநர் ஆர், பங்குக்காரர் ஆர் எண்டு பிரதி எடுக்கலாம். அங்கத்தைச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒண்டு சொல்லுறன். மனேஜர் எண்டது ஒரு வேலை. சொத்தில்லை."

"அவன் என்ர மாமான்ர மகன், மிஸ்" என்றான் சுகிர்தன்.

"மாமான்ர மகனாய் இருக்கட்டும், தம்பி. அவர் உமக்கு என்னத்தைத் தாறார்? பங்கு. அந்தப் பங்கு அவற்ற கையில இருக்கோ? அதைத்தான் உம்மட மனிசி கேக்கிறா. இன்னொண்டு, வெளிநாட்டுக் கொம்பனியில பங்கு வாங்க இஞ்ச இருந்து காசு அனுப்பிறதெண்டால் வங்கியில அதுக்கெண்டு வேற கணக்குத் திறக்கவேணும். அவையும் இந்தப் பத்திரங்களைக் கேப்பினம். அதையும் விசாரியுங்கோ."

வெளியே வந்ததும் சுகிர்தன் மோட்டார்சைக்கிளை உதைத்த உதையிலேயே அவனுடைய கோபம் தெரிந்தது. ஒட்டுசுட்டான் தாண்டியதும் காற்றோடு காற்றாக, "சரி, உம்மட சிநேகிதி ஒருத்தி அங்க இருக்கிறா தானே. அவவைக் கேளும். கேட்டு மனதை ஆத்தும்" என்றான்.

அந்தச் சிநேகிதி தேனுகா. சிவரூபியோடு உயர்தரம் வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவள். துபாயில் கொம்பனிகளுக்குப் பதிவும் புதுப்பிப்பும் செய்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சிவரூபி அவளுக்கு விசயத்தை எழுதி அனுப்பினாள். மாலையில் அவளே அழைத்தாள்.

"என்னடி, ஷேக் ஆகப் போறீங்களாம்!"

"பகிடியை விடடி. சுதந்திர வர்த்தக வலயம் எண்டு சொல்லுறார். எங்கட கட்டுநாயக்கா மாதிரி மதிலும் பக்டரியும் இருக்கிற இடமோ? எனக்கொண்டும் விளங்கேல்லை."

தேனுகா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பிடியும் இருக்கு. ஆனா சின்னக் கொம்பனிகளுக்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும்தான். சில பேர் அந்தக் கதிரையில ஒருநாளும் இருந்திருக்க மாட்டினம். அதில பிழை இல்லை. அதுதான் இஞ்ச வழமை. லைசென்ஸை அனுப்பு, பாத்துச் சொல்லுறன்."

அரை மணித்தியாலத்தில் திரும்பவும் வந்தாள். இந்த முறை சுகிர்தனும் போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"லைசென்ஸ் உண்மையானது. அரசாங்கப் பதிவில இலக்கத்தைப் போட்டுப் பாத்தன். கொம்பனி உயிரோட இருக்கு. வாற மாசிவரை செல்லும். உணவுப்பொருள் வியாபாரம் எண்டு தொழிலும் சரி."

சுகிர்தன் தொடையில் தட்டினான். "கேட்டீரோ!"

"அண்ணை, நில்லுங்கோ. லைசென்ஸ் எண்டது கொம்பனி இருக்கெண்டு மட்டும்தான் சொல்லும். ஆற்ற கொம்பனி எண்டு சொல்லாது. இந்த வலயத்தில பங்குக்காரரின்ர விபரம் வெளியாக்களுக்குத் திறந்து கிடையாது. என்னாலயும் பாக்கேலாது. கொம்பனி தான் கேட்டு எடுக்கவேணும்."

"என்னத்தைக் கேட்டு எடுக்கிறது?" என்றாள் சிவரூபி.

"ரெண்டு கடுதாசி. ஒண்டு பங்குச் சான்றிதழ். அது அவரிட்ட இருக்கும். மற்றது, வலயத்தின்ர அதிகாரசபை புதுசாக் குடுக்கிற சான்றிதழ். இண்டைய தேதியில ஆர் பங்குக்காரர், ஆர் இயக்குநர், ஆர் மனேஜர் எண்டு அதில கிடக்கும். பங்குச் சான்றிதழ் பழசாய் இருக்கலாம். பிறகு பங்கு கைமாறியிருக்கலாம். அதால புதுசு வேணும்."

"நானும் குகதாசனும் ஒப்பந்தம் எழுதப் போறம், தங்கச்சி. முத்திரை வைச்சு" என்றான் சுகிர்தன்.

"எழுதுங்கோ அண்ணை. ஆனா அதிகாரசபைக்கு அந்த ஒப்பந்தத்தைத் தெரியாது. பங்கு வைச்சிருக்கிற ஆள் அவைக்கு முன்னால, இல்லாட்டி அவை ஏற்கிற மாதிரி, மாத்திக் குடுக்கிறன் எண்டு கையெழுத்து வைக்கவேணும். அவை பதிஞ்சு உங்கட பேரில புதுச் சான்றிதழ் தரவேணும். அது நடக்கும்வரைக்கும் நீங்கள் பங்காளி இல்லை. காசு குடுத்த ஆள், அவ்வளவுதான்."

போன் அடங்கியது. அவனுக்கு லைசென்ஸ் உண்மையானது என்றது மட்டும் காதில் விழுந்திருந்தது. அவளுக்கு யாருடையது என்று சொல்லாது என்றது மட்டும். ஒரே போனில் கேட்டது எப்படி இரண்டு கதையாகப் போனது என்று சிவரூபிக்கு விளங்கவில்லை.

குகதாசனிடம் பங்குச் சான்றிதழைக் கேட்கச் சுகிர்தனுக்கு வாய் வரவில்லை. "மில்லுக்குள்ள சத்தம்" என்று சொல்லி ஒருநாளைக் கடத்தினான். செவ்வாய் இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிவரூபியே கேட்டுக் குரல் பதிவு அனுப்பினாள். அண்ணை, குறை நினைக்காதேங்கோ, காணி என்ர பேரில, அதால கேக்கிறன் என்று தொடங்கி, தேனுகா சொன்ன இரண்டையும் பிழையில்லாமல் சொன்னாள்.

பதில் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது குகதாசனின் குரல் சுருங்கிக் கிடந்தது.

"தங்கச்சி, என்னில நம்பிக்கையில்லாமப் போச்சுது எண்டு விளங்குது. பரவாயில்லை. பங்குச் சான்றிதழை அனுப்பிறன். மற்றதை அதிகாரசபையில எழுதிக் கேட்டுத்தான் எடுக்கவேணும், பேர் ஒண்டும் மாறேல்லை. ஆனா பாத்திட்டுப் பயப்பிடாதேங்கோ. அதுக்கொரு காரணம் இருக்கு."

அதற்குக் கீழே பங்குச் சான்றிதழின் படம் வந்தது. நூறு பங்குகள். நூறும் ஒருவருக்கே. இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி. பங்குக்காரர்: கமலேஸ்வரி பரமலிங்கம். நாடு: இலங்கை.

"ஆர் இந்த மனிசி?" என்றாள் சிவரூபி.

சுகிர்தன் போனை வாங்கிப் பெரிதாக்கினான், சிறிதாக்கினான். "கமலேஸ்வரி... எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லையே."

குகதாசனின் அடுத்த குரல் பதிவு வந்தது. அதில் அவன் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். கொம்பனி தொடங்கும்போது அவனுக்கு ஏழரைச் சனி. கும்பராசி, சென்மத்தில் சனி. உன் பெயரில் ஒரு புல்லும் முளைக்காது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். மனைவி மீனராசி, அவளுக்கும் ஏழரை. அந்த நேரம் மனைவியின் தமக்கை பிள்ளைப்பேறு பார்க்கத் துபாய்க்கு வந்து நின்றா. மேடராசி, லாபத்தில் சனி. ஆகவே அவவின் பெயரில் பதிந்தான். "காசு என்ர, பாடு என்ர, யாவாரம் என்ர. பேர் மட்டும்தான் அவவின்ர. நீங்களும் அவவைக் கண்டிருப்பியள். புளியங்குளத்துச் செல்லக்கா!"

செல்லக்கா! கொரோனாக் காலத்தில் பத்துப் பேரோடு நடந்த குகதாசனின் கலியாணத்தைப் போனில்தான் பார்த்தார்கள். அதில் பெண்ணுக்குப் பின்னால் விசிறியோடு நின்ற அந்த அக்காவுக்கு வீட்டுப்பெயருக்கு மேலே இன்னொரு பெயரும் பாஸ்போட்டும் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

சுகிர்தனுக்குப் பெரிய பாரம் இறங்கியது. "பாத்தீரோ? இவ்வளவுதான் விசயம். சனி!"

அதுதான் சிவரூபியைக் குழப்பியது. இதை ஏமாற்று என்று சொல்ல அவளால் முடியவில்லை. அவளே புது வீட்டுக் குடிபூரலைத் தன்னுடைய அட்டமத்துச் சனி கழியட்டும் என்று தள்ளிப்போட்டவள். மில்லுக்கு மின்சாரம் எடுத்ததும் மாமியின், அதாவது சுகிர்தனின் அம்மாவின், பெயரில்தான், அதே காரணத்துக்காக. குகதாசன் செய்தது தங்கள் வீட்டில் யாரும் செய்யக்கூடியதுதான். அப்படியென்றால் அது சரியா? அவன் தன்னுடையதைத் தருகிறானா, இன்னொருத்தியுடையதைத் தருகிறானா?

புதன்கிழமை தேனுகாவைக் கேட்டாள். தேனுகா இந்த முறை சிரிக்கவில்லை.

"சனி அதிகாரசபைக்குத் தெரியாதடி. அவையின்ர புத்தகத்தில முதலாளி அந்த அக்கா. உண்மையான உரிமையாளர் ஆர் எண்டு இன்னொரு பிரகடனமும் இஞ்ச குடுக்கவேணும். பேருக்கு ஒருத்தர், உண்மையில வேறொருத்தர் எண்டால் அதைச் சொல்லுறதுக்குத்தான் அது. அதில இவர் தன்ர பேரைப் போட்டவரோ, அக்கான்ர பேரைத்தான் போட்டவரோ? அதை ஆரும் வெளியில இருந்து பாக்கேலாது. அவரைத்தான் கேக்கவேணும்."

கேட்டார்கள். குகதாசன் கொஞ்சம் இழுத்தான். பிறகு, "அதிலயும் அக்காவைத்தான் போட்டனான். ரெண்டு பேரைப் போட்டாக் கேள்வி வரும் எண்டு போட்டு..." என்றான்.

"அப்ப அவ பேருக்குத்தான், உண்மையில நீங்கள்தான் எண்டு சொல்லுற கடுதாசி ஒண்டும் உங்களிட்ட இல்லையோ, அண்ணை? பங்கை விக்க அவவுக்குப் பதிலா நீங்கள் கையெழுத்து வைக்கலாம் எண்டு அவ குடுத்த அற்றோணித் தத்துவம்?"

"தங்கச்சி, அவ என்ர மனிசியின்ர கூடப்பிறந்தவ. ஆரெண்டாலும் வீட்டுக்குள்ள கடுதாசி எழுதுவினமே?"

எழுத மாட்டார்கள். சிவரூபியும் மாமியிடம் எழுதி வாங்கவில்லை. அவள் தலைக்குள் ஏதோ சுற்றி, சுற்றின இடத்துக்கே வந்து நின்றது. இவன் கள்ளன் அல்ல. ஆனால் விற்பதற்கு இவனிடம் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும்?

"ஒருக்காப் புளியங்குளம் போவம்" என்றாள் சுகிர்தனிடம். "அக்காவை நேர காணுவம். மாத்தித் தர அவவுக்குச் சம்மதம் எண்டு அவவின்ர வாயால கேட்டால், நான் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கிறன்."

"சத்தியமா?"

"ஓம்."

வியாழக்கிழமை காலை புறப்பட்டார்கள். சுகிர்தன் சாமித்தட்டில் இருந்த லைசென்ஸை எடுத்துச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டான். அக்கா அதைப் பார்த்திருக்க மாட்டா, காட்டினால் சந்தோசப்படுவா என்பது அவனுடைய எண்ணம். மாங்குளம் வந்து கண்டி வீதியில் தெற்கே திரும்பி, புளியங்குளம் சந்தியில் விசாரித்து உள்ளே போனபோது வெயில் ஏறிவிட்டது.

செல்லக்கா முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தா. பெரிய அண்டாவில் ஆவி பறந்தது. அவவின் கணவர் பரமலிங்கம் வேலியோரத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அதனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தன் படலையடியில் நின்று தங்களை யாரென்று சொன்னான். "ஆர்? குகனின்ர மச்சான் ஆக்களோ! வாங்கோ, வாங்கோ. இந்தப் புகைக்குள்ள வந்து நிக்கிறியள்" என்று செல்லக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தா. தேத்தண்ணீர் வந்தது. குகன் எப்படி, பிள்ளை எப்படி என்ற கதையெல்லாம் முடிந்தது. பிறகு சுகிர்தன் சேட்டுக்குள் இருந்து லைசென்ஸை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"அக்கா, உங்கட கொம்பனியின்ர லைசென்ஸ்."

"என்ர என்ன?"

"கொம்பனி. துபாயில."

செல்லக்கா லைசென்ஸைப் பார்த்தா, அவனைப் பார்த்தா. "தம்பி, காலமையே பகிடி விடாதையும்."

சிவரூபி இடையில் புகுந்து, அவசரப்படாமல் சொன்னாள். கொம்பனி என்றால் என்ன, பங்கு என்றால் என்ன, நூறும் யாருடைய பெயரில் என்று. செல்லக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ஓம்... அங்க நிக்கேக்க ஒருநாள் ஒரு கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பாஸ்போட்டைக் கேட்டவை. கண்ணாடித்தாள் மாதிரி ஒண்டில விரலால கையெழுத்து வைக்கச் சொன்னவை. விசாவுக்காக்கும் எண்டு நினைச்சன். ஐயோ பிள்ளை! அப்ப நான் துபாய்க் கொம்பனிக்காரியெண்டு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சால், இல்லாதவைக்குத் தாற அஸ்வெசுமக் காசு எனக்கு வெட்டுப்படுமே!"

"அக்கா, அது..." என்று தொடங்கிய சிவரூபி நின்றாள். வெட்டுப்படுமா, படாதா? அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கட கிராமத்து விதானையாருக்கு இது தெரியுமோ? போன கிழமையும் சந்தியில கண்டவர், ஒரு மாதிரிச் சிரிச்சவர்."

"அவருக்கு எப்பிடி அக்கா தெரியும்? அவர் சும்மா சிரிச்சிருப்பார்" என்றான் சுகிர்தன்.

"இல்லைத் தம்பி, அவர் சும்மா சிரிக்கிற ஆள் இல்லை."

மோட்டாரோடு இருந்த பரமலிங்கம் எழுந்து வந்தார். கை முழுக்க எண்ணெய். "பொறு, பொறு. இந்தக் கொம்பனி இவளின்ர எண்டோ சொல்லுறியள்?"

"பத்திரத்தில அப்பிடித்தான் அண்ணை" என்றாள் சிவரூபி.

"முழுசும்?"

"முழுசும்."

பரமலிங்கம் மனைவியைப் புதிதாகக் கண்டவர் போலப் பார்த்தார். "இரண்டு வருசமா நான் இந்த மோட்டாருக்கு வயர் வாங்க வழியில்லாமல் நிக்கிறன். இவள் துபாயில முதலாளி. லாபம் எங்க?"

"லாபம் குகதாசன்ர... அவன்ர உழைப்பு" என்றான் சுகிர்தன்.

"பத்திரம் ஆற்ற?"

செல்லக்கா எழுந்து போய் அண்டாவுக்குக் கீழே விறகைத் தள்ளிவிட்டு வந்தா.

சிவரூபி தான் கேட்க வந்ததைக் கேட்டுவிட நினைத்தாள். "அக்கா, குகதாசண்ணை இவருக்குப் பாதிப் பங்கு தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். அதுக்கு நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும். உங்களுக்கு அது தெரியுமோ?"

"பாதியோ?" செல்லக்கா நெற்றியைச் சுருக்கினா. "பாதி எண்டு எனக்குச் சொல்லேல்லை. சித்திரை மட்டில போன் எடுத்தவர். அக்கா, உங்களுக்கு இப்ப ஏழரை துவங்கிட்டுது, இனி உங்கட பேரில வைச்சிருந்தாக் கூடாது, வேற ஒரு நல்ல சாதகக்காரன் எங்கட சொந்தத்துக்குள்ளயே இருக்கிறான், ரிஷபம், அவன்ர பேருக்கு மாத்தப் போறன், ஒரு கையெழுத்துக் கேப்பன் எண்டு. நான் அது என்னவோ பாங்க் புத்தகம் எண்டு நினைச்சு ஓம் எண்டனான்."

சிவரூபி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ரிஷபம், ரோகிணி, சோக்கான சாதகம். சுகிர்தனின் வாய் திறந்தபடி இருந்தது.

"அப்ப அவன் என்னைப் பங்காளியாக்கப் போறானோ, பேருக்கு வைக்கப் போறானோ?" என்றான் மெதுவாக. யாரைக் கேட்கிறான் என்று தெரியவில்லை.

"பாதியைத் தாறன் எண்டது உண்மையாயும் இருக்கலாம்" என்றாள் சிவரூபி. அவளுக்கே அது நம்பக்கூடியதாகவும் நம்ப முடியாததாகவும் இருந்தது. "மற்றப் பாதியை உங்கட பேரில தனக்காக வைச்சிருக்க நினைச்சிருக்கலாம். இல்லாட்டி முழுசும் தனக்காக. அவருக்கே வடிவாத் தெரியாதோ தெரியாது."

"முழுசும் என்ர பேரில வந்தா நல்லதுதானே!" என்றான் சுகிர்தன்.

"இப்ப அக்கான்ர பேரில முழுசும் கிடக்கு. அக்காவுக்கு நல்லதோ?"

அஸ்வெசும, அஸ்வெசும என்று செல்லக்கா இன்னும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தா.

பரமலிங்கம் கையைத் துடைத்துவிட்டு லைசென்ஸை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். "தங்கச்சி, நீர் படிச்ச பிள்ளை. ஒண்டைச் சொல்லும். இவள் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டால்?"

"வைக்காட்டி ஒருத்தருக்கும் மாத்தேலாது, அண்ணை."

"குகனாலயும்?"

"அவர் மனேஜர். மனேஜரால பங்கை மாத்தேலாது."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அது உண்மை. உண்மையைக் கேட்டுத்தானே வந்தாள்.

"அப்ப இவள் வைக்கமாட்டாள்" என்றார் பரமலிங்கம்.

"நீங்கள் சும்மா இருங்கோ! என்ர தங்கச்சியின்ர புருசன்ர வயித்தில அடிக்கவோ?" என்று செல்லக்கா சீறினா. உடனேயே குரல் தாழ்ந்தது. "பிள்ளை, நீ சொல்லு. உண்மையா அது என்ர கொம்பனியோ?"

சிவரூபி வாயைத் திறந்தாள். பத்திரத்தில் ஓம். உழைப்பில் இல்லை. காசில் இல்லை. சட்டத்தில் ஓம். சனியில்... சனியில் சித்திரை வரைக்கும் ஓம்.

"எனக்குத் தெரியேல்லை, அக்கா" என்றாள்.

புறப்படும்போது சுகிர்தன் லைசென்ஸுக்குக் கையை நீட்டினான். பரமலிங்கம் கொடுக்கவில்லை. "இவளின்ர சாமானை இவளிட்ட விட்டிட்டுப் போங்கோ, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னார். சிவரூபி படலையடியில் திரும்பிப் பார்த்தபோது, செல்லக்கா அதைத் தன்னுடைய வீட்டுச் சாமிப்படங்களுக்கு நடுவில் வைத்து, நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

புளியங்குளம் சந்திக் கடையில் சோடா குடிக்க நிறுத்தினார்கள். சோடா வருவதற்கு முந்தியே குகதாசனின் அழைப்பு வந்துவிட்டது. சுகிர்தன் போனை எடுக்காமல் அவளிடம் நீட்டினான்.

"தங்கச்சி, பரமண்ணை போன் எடுத்து லாபக் கணக்குக் கேக்கிறார்! என்ன சொன்னனீங்கள் அங்க?"

"உள்ளதைத்தான் அண்ணை."

"உள்ளது எது? உள்ளது என்ர பாடு! இரண்டு வருசம் நித்திரை இல்லாமக் கட்டினது!"

"அது உண்மை."

"அப்ப?"

"பத்திரத்தில இல்லையே, அண்ணை."

அந்தப் பக்கம் கார்க் கதவு ஒன்றை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. சிவரூபி விடவில்லை.

"அண்ணை, ரிஷபம் எண்டு இவற்ற சாதகத்தைக் கேட்டது என்னத்துக்கு? பாதிப் பங்குக்கோ, பேருக்கோ?"

"ரெண்டுக்கும்தான் தங்கச்சி. அதில என்ன பிழை? பாதி அவன்ர. மற்றப் பாதி அவன்ர பேரில என்ர. அவனுக்கு லாபத்தில சனி."

ஆக, அவன் ஏமாற்றவில்லை. முழுமனதோடுதான் தந்திருக்கிறான், தன்னிடம் இல்லாததை. சிவரூபிக்குச் சிரிப்பு வந்ததா, பயம் வந்ததா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. தண்ணீரூற்றுக் கிணறு யாருடையது என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியும்.

"அண்ணை, காணி இப்ப விக்கேல்லை. முதல்ல அக்காவோடயும் பரமண்ணையோடயும் கதைச்சு உங்கட வீட்டுப் பிரச்சினையை எழுத்தில தீருங்கோ. பாதி எண்டால் பாதி, அதிகாரசபை பதிஞ்சு, இவற்ற பேர் போட்ட புதுச் சான்றிதழ் வரட்டும். மற்றப் பாதி உங்கட பேரில இருக்கவேணும். இவற்ற பேரில உங்கட சாமான் ஒண்டும் வேண்டாம். அதுக்குப் பிறகு கதைப்பம்."

"எனக்குச் சனி முடிய இன்னும் ரெண்டு வருசம் கிடக்கே!"

"அப்ப ரெண்டு வருசத்தால கதைப்பம்."

போனை வைத்துவிட்டு, சட்டத்தரணி மிஸ்ஸின் இலக்கத்தைத் தேடி எடுத்தாள். "மிஸ், நாளைக்கு நாங்கள் வரேல்லை. உறுதி எழுதவேண்டாம்... ஓம்... லைசென்ஸ் நல்ல லைசென்ஸ்தான் மிஸ். நேர வரேக்க சொல்லுறன். எனக்கே இன்னும் முழுக்க விளங்கேல்லை."

சுகிர்தன் சோடாப் போத்தலைத் திறக்காமல் உருட்டிக்கொண்டிருந்தான். குளிர் எல்லாம் தண்ணீராக வடிந்து மேசை நனைந்தது.

"ரூபி."

"என்ன?"

"மில்லின்ர கரண்ட் இன்னும் அம்மான்ர பேரிலதானே கிடக்கு?"

"ஓம்."

திரும்பும் வழியில் மாங்குளத்தில் அவன் மின்சார சபைக் கந்தோர் எங்கே இருக்கிறது என்று மோட்டார்சைக்கிளை நிறுத்தி ஒருவரிடம் விசாரித்தான்.